ஒரு லட்சம் பேருக்கு நாலு வரி நன்றி

யூடியூபில் ஒரு சேனல் ஒரு லட்சம் சப்ஸ்கிரைபர்களைத் தொட்டதும் ஒரு வீடியோ வரும். கேக், பலூன், குடும்பத்தோடு ஒரு கையசைப்பு. அதன் கீழே டிஸ்கிரிப்ஷனில் நாலு வரி இருக்கும்: “ஒரு லட்சம் சொந்தங்களுக்கும் கோடானுகோடி நன்றி! நீங்கள் இல்லாமல் நாங்கள் இல்லை. இன்னும் பல தரமான வீடியோக்கள் காத்திருக்கின்றன. பெல் பட்டனை அழுத்த மறக்காதீர்கள்!” சமையல் சேனல், பைக் ரிவ்யூ, ஜோதிடம், டிஎன்பிஎஸ்சி வகுப்பு எதற்கும் இதே நாலு வரிதான். சேனலின் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் யாருடையது என்று எழுதியவருக்கே தெரியாது.

இதில் பொய் எதுவும் இல்லை. எழுதியவர் உண்மையாகவே நெகிழ்ந்துபோய்த்தான் எழுதியிருப்பார். ஆனால் அந்தக் குறிப்பைப் படிப்பவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டு: என்னால் உங்களுக்கு என்ன ஆயிற்று, இனி இங்கே எனக்கு என்ன கிடைக்கும். மேலே உள்ள நாலு வரியில் இரண்டுக்கும் பதில் இல்லை.

ஒரு சேனலை வைத்தே பார்ப்போம். கற்பனைதான், ஆனால் இந்த மாதிரி தமிழில் நிறையவே உண்டு. மதுரையில் ஒரு பெண்மணி மொட்டைமாடியில் க்ரோ பேக் வைத்துக் காய்கறி வளர்க்கிறார். சனிக்கிழமைதோறும் ஒரு வீடியோ. நாலு வருட உழைப்புக்குப் பிறகு ஒரு ஜூன் மாதம் எண்ணிக்கை லட்சத்தை நெருங்குகிறது. அவர் என்ன எழுதலாம்?

எழுதுவதற்கு முன் அந்த எண்ணையே கொஞ்சம் பார்க்க வேண்டும். சேனல் பக்கத்தில் நாம் எல்லோரும் பார்க்கும் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை துல்லியமானது இல்லை. 2019 செப்டம்பரிலிருந்து யூடியூப் அதை மூன்று இலக்கத்துக்குச் சுருக்கித்தான் வெளியே காட்டுகிறது. அதுவும் மேல்நோக்கி முழுமையாக்காது. 99,999 பேர் இருந்தாலும் திரையில் 99.9K என்றே நிற்கும். சரியான எண் உரிமையாளர் பார்க்கும் யூடியூப் ஸ்டூடியோவில் மட்டுமே இருக்கும். இன்னொன்று, அந்த எண் பின்னாலும் போகும். மூடப்பட்ட கணக்குகளையும் போலிக் கணக்குகளையும் யூடியூப் அவ்வப்போது கணக்கிலிருந்து கழிக்கிறது. 2018 டிசம்பரில் அப்படி ஒரு பெரிய களையெடுப்பு முன்கூட்டியே அறிவித்து நடந்தது. அதனால் 1,00,003 ஆன இரவிலேயே குறிப்பைப் போட்டுவிட்டு, காலையில் எழுந்து பார்த்தால் 99.9K என்று இருக்கக்கூடும். கமெண்டில் “அக்கா, லட்சம் எங்கே?” என்று ஒருவர் கேட்டே தீருவார். சில நூறு பேர் கூடுதலாகச் சேரும்வரை பொறுத்திருப்பது நல்லது.

லட்சத்தைத் தொட்டதும் யூடியூப் கூடுதலாகப் பணம் தரும் என்று பலர் நினைக்கிறார்கள். தராது. விளம்பர வருமானத்துக்கான வாசல் 1,000 சப்ஸ்கிரைபரிலேயே இருக்கிறது. அதோடு கடந்த ஓராண்டில் 4,000 மணி நேரம் வீடியோக்கள் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருமானம் பார்வைகளைப் பொறுத்ததுதான். லட்சத்துக்குக் கிடைப்பது சில்வர் பட்டன். அதுவும் தானாக வீட்டுக்கு வந்துவிடாது. யூடியூப் சேனலைப் பரிசீலித்த பிறகுதான் அனுப்பும். “அடுத்த வாரம் பட்டன் அன்பாக்ஸிங்” என்று குறிப்பில் எழுதுவது, தபால்காரர் சார்பில் நாம் வாக்குக் கொடுப்பது.

இனி நன்றிக்கு வருவோம். கல்யாண வீட்டு வாசலில் நின்று எல்லோருக்கும் பொதுவாக “வாங்க, வாங்க” என்பதற்கும், “ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சா வந்தீங்க? முதல்ல காபி சாப்பிடுங்க” என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். இரண்டாவது மாதிரி சொல்ல வேண்டுமென்றால் வந்தவர் யார், எப்படி வந்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். அது ஸ்டூடியோவிலேயே கிடைக்கிறது. எந்த வீடியோவைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் சப்ஸ்கிரைப் செய்தார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். எந்த ஊர், எந்த நாட்டிலிருந்து பார்க்கிறார்கள் என்பதும் தெரியும். பார்க்கப்பட்ட நேரத்தில் சப்ஸ்கிரைபர்களின் பங்கு எவ்வளவு, சப்ஸ்கிரைப் செய்யாதவர்களின் பங்கு எவ்வளவு என்பதும் தெரியும்.

நம் மதுரைக்காரர் இதைத் திறந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நினைத்தது வேறு, அங்கே இருப்பது வேறு. செம்பருத்தியில் அப்பிய மாவுப்பூச்சியை வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் சேர்த்துத் தெளித்துக் காட்டிய ஒரு ஷார்ட் திடீரென்று ஓடி, கால்வாசிப் பேரைக் கொண்டுவந்திருக்கிறது. அரை நிமிடம் பார்த்துவிட்டுச் சேர்ந்த அவர்களில் பெரும்பாலோருக்குச் சனிக்கிழமை வீடியோ என்று ஒன்று வருவதே தெரியாது. ஷார்ட்ஸ் மூலம் வேகமாக வளர்ந்த சேனல்களில் இது வழக்கமான சிக்கல்: சப்ஸ்கிரைபர் எண் ஏறிக்கொண்டே போகும், நீள வீடியோக்களின் பார்வை இருந்த இடத்திலேயே நிற்கும். ஆகவே இவருடைய குறிப்பு பழைய ஆட்களுக்கான நன்றியாக மட்டும் இருந்தால் போதாது. புதிதாக வந்தவர்களுக்கு இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்றும் அது சொல்ல வேண்டும்.

சப்ஸ்கிரைப் செய்யாமலே வாராவாரம் பார்ப்பவர்களும் உண்டு. முகப்புப் பக்கத்தில் வீடியோ வந்தால் பார்ப்பார்கள், பட்டனை மட்டும் தொடமாட்டார்கள். “ஒரு லட்சம் சப்ஸ்கிரைபர்களுக்கு நன்றி” என்று எழுதும்போது இவர்களை வெளியே நிறுத்திவிடுகிறோம். “பார்க்கிறவங்க எல்லாருக்கும்” என்று ஒரு சொல் சேர்ப்பதில் குறைந்து போவது ஒன்றுமில்லை.

எதற்கு நன்றி என்பது இன்னும் முக்கியம். நம் தோட்டக்காரர் தொடக்கக் காலத்தில் கோகோபீட்டை வாங்கி அப்படியே மண்ணில் கலந்து காட்டியிருந்தார். அடுத்த சில வீடியோக்களில் நாற்றுகளின் இலை நுனி கருகியிருந்ததைப் பார்த்த ஒருவர், தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் கலக்க வேண்டும் என்று கமெண்டில் எழுதினார். இவர் அப்படிச் செய்து பார்த்தார், நாற்று தேறியது. இதைச் சொல்லி நன்றி கூறினால் அது வேறு எந்தச் சேனலுக்கும் பொருந்தாது. “நீங்கள் இல்லாமல் நாங்கள் இல்லை” என்ற வாக்கியத்துக்கும் அப்போதுதான் ஒரு சாட்சி கிடைக்கிறது. கமெண்ட் எழுதியவரின் பெயரைக் குறிப்பில் போடுவதென்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடலாம். பொதுவெளியில் எழுதியவர்தான், ஆனாலும் லட்சம் பேர் முன் நிற்கச் சம்மதித்தவர் இல்லை.

எனக்குத் தெரிந்து இத்தகைய குறிப்புகள் அதிகம் சறுக்குவது அடுத்த பகுதியில், அதாவது இனி என்ன வரும் என்று சொல்லும் இடத்தில். “தரமான வீடியோக்கள்” என்பதை யாரும் நம்பி எதிர்பார்க்க முடியாது. வரவில்லை என்று குறை சொல்லவும் முடியாது. அதனால்தான் அது எழுத வசதியாக இருக்கிறது. இன்னொரு பக்கம், மகிழ்ச்சியில் வாயைத் திறந்து “இனி தினமும் ஒரு வீடியோ” என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு. வாரம் ஒன்றே மூச்சு முட்டி எடுப்பவர், படம்பிடிப்பும் எடிட்டிங்கும் ஒரே ஆளாகச் செய்பவர், தினம் ஒன்று என்றால் மூன்றாம் வாரம் படுத்துவிடுவார். சேனல் நாலு நாள் அமைதியானால், சொன்னதைச் செய்யவில்லை என்பது அந்தக் குறிப்பின் கீழேயே பதிவாகிவிடும்.

மாடித்தோட்டத்துக்கு ஒரு நல்ல விஷயம், அதன் நாள்காட்டி ஏற்கெனவே இருக்கிறது. ஜூனில் லட்சம் வந்தால் ஜூலை நடுவில் ஆடிப் பட்டம் தொடங்கிவிடும். ஆனியில் மண்கலவை தயாரித்தல். ஆடி பிறந்ததும் கத்தரியும் தக்காளியும் குழித்தட்டில் விதைப்பு. வெண்டைக்கு நாற்று வேண்டாம், நேராகப் பையிலேயே ஊன்றலாம். கத்தரி, தக்காளி நாற்றுகளை ஏறக்குறைய 25 முதல் 30 நாளில் பிடுங்கி நடவேண்டும். வெண்டை விதைத்து ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். இதை அப்படியே சனிக்கிழமைகளில் பொருத்தினால் ஆடியிலிருந்து புரட்டாசி வரை என்ன வீடியோ வரும் என்று இன்றே சொல்லிவிடலாம். கூட விதைக்க நினைப்பவர் அன்றைக்கே பையும் விதையும் வாங்கி வைப்பார். ஒருவர் காத்திருந்து பார்ப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

வாக்குக் கொடுக்கும்போது செயலுக்குத்தான் கொடுக்கலாம், பலனுக்குக் கொடுக்க முடியாது. “ஒரே பையில் பத்து கிலோ கத்தரிக்காய்” என்று எழுதினால், காய்ப்புழு வந்த அன்று சேனலுக்கும் சேர்த்து நோய் பிடிக்கும். “விதைப்பிலிருந்து பறிப்பு வரை காட்டுகிறேன், செடி செத்தால் ஏன் செத்தது என்பதையும் காட்டுகிறேன்” என்றால் எது நடந்தாலும் வாக்கு நிற்கும். அதேபோல், அடுத்தவர் சம்மதம் தேவைப்படுவதை முந்திக்கொண்டு அறிவிக்க வேண்டாம். ஒரு வேளாண் பேராசிரியரைப் பேட்டி எடுக்கும் ஆசை இருக்கலாம். அவர் தேதி கொடுத்த பிறகு எழுதினால் போதும்.

இந்தச் சந்தர்ப்பத்தில்தான் பலருக்குத் தடம் மாறும் ஆசையும் வரும். செடி பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, இனி ஊர் சுற்றும் வீடியோவும் போடலாம் என்று தோன்றும். போடலாம், ஆனால் மாறப்போவதைச் சொல்லும் அதே மூச்சில் மாறாததையும் சொல்லிவிட வேண்டும்: சனிக்கிழமை தோட்டம் அப்படியே இருக்கும் என்று. செடிக்காகச் சேர்ந்தவருக்கு முன்னறிவிப்பின்றிக் கொடைக்கானல் ஹோட்டல் அறையைக் காட்டினால் தாண்டிப் போய்விடுவார்.

பெரிய சேனல்கள் இந்த இடத்தில் செய்த சில காரியங்களைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் தாத்தா பெரியதம்பியும் பேரன்களும் வயல்வெளியில் அண்டா வைத்துச் சமைக்கும் வில்லேஜ் குக்கிங் சேனல், 2021 ஜூலையில் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களை எட்டியது. தமிழ்ச் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுதான். அது கொரோனாக் காலம். அவர்கள் முதல்வரின் நிவாரண நிதிக்குப் பத்து லட்ச ரூபாயை நேரில் போய்க் கொடுத்தார்கள். சமைத்ததை ஆதரவற்றோருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்கள் வீடியோக்களில் ஏற்கெனவே இருந்த வழக்கம். அதனால் நிதி கொடுத்ததும் பார்ப்பவர்களுக்கு அவர்களுடைய இயல்பாகவே தெரிந்தது.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. பியூடிபை என்ற பெயரில் உலகம் அறிந்த ஸ்வீடன்காரர் ஃபீலிக்ஸ் ஷெல்பெரி, 2019 ஆகஸ்டில் பத்துக் கோடி சப்ஸ்கிரைபர்களை எட்டினார். அடுத்த மாதம், அதற்காகக் கிடைத்த பட்டனைத் திறந்து காட்டிய வீடியோவில், யூத வெறுப்புக்கு எதிராக இயங்கும் ஒரு அமெரிக்க அமைப்புக்கு 50,000 டாலர் கொடுப்பதாக அறிவித்தார். அவருடைய ரசிகர்களிலேயே ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். ஓரிரு நாளில் நன்கொடையைத் திரும்பப் பெற்றார். அந்த அமைப்பைத் தனக்குச் சொன்னவர்கள் வேறு, தான் மனமொன்றித் தேர்ந்தெடுத்தது அல்ல என்று விளக்கினார். கொடுத்தபோது ஒரு தரப்பும் திரும்பப் பெற்றபோது மறுதரப்பும் அவரைத் திட்டின. யார் பக்கம் நியாயம் என்பது பெரிய விவாதம். நமக்கு இங்கே வேண்டியது சின்ன விஷயம்: கொண்டாட்டத்தின் நடுவே அறிவிக்கும் வாக்கு, அறிவிப்பவருக்கே பரிச்சயமில்லாததாக இருந்தால் முதல் கேள்வியிலேயே ஆடிப்போகும்.

மிஸ்டர் பீஸ்ட் என்று அழைக்கப்படும் ஜிம்மி டொனால்ட்சன் அதே 2019-ல் வேறு விதமாக நடந்துகொண்டார். அவர் இரண்டு கோடியைத் தொட்டபோது, இரண்டு கோடி மரம் நடுங்களேன் என்று பார்வையாளர்கள் விளையாட்டும் நிஜமுமாகக் கேட்டார்கள். அவர் உடனே சரி என்று அறிவித்துவிடவில்லை. மார்க் ராபர் என்ற இன்னொரு வீடியோக்காரரோடும், மரம் நடுவதையே வேலையாகக் கொண்ட ஆர்பர் டே ஃபவுண்டேஷனோடும் ஏற்பாடு செய்து முடித்து, ஒரு டாலருக்கு ஒரு மரம் என்று கணக்கு வைத்து, அக்டோபர் 25-ம் தேதிதான் திட்டத்தை வெளியிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு கோடி டாலர் சேர்ந்தது. எண்ணிக்கை வந்து மாதக்கணக்கில் கழித்து அறிவித்ததால் எதுவும் கெட்டுப்போகவில்லை.

நம் மதுரை மாடிக்குத் திரும்பினால், அங்கே வரும் ஆசை இன்னும் எளிமையானது: நூறு பேருக்கு விதைப் பொட்டலம் இலவசம். தோட்டச் சேனல்களில் விதைப் பகிர்வு நெடுநாள் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் “சப்ஸ்கிரைப் செய்து, லைக் போட்டு, முகவரியைக் கமெண்டில் எழுதுங்கள்” என்ற வாக்கியத்தில் ஒவ்வொரு துண்டும் வம்பு. போட்டி, பரிசு என்ற பெயரில் சப்ஸ்கிரைபர், லைக், பார்வை எண்ணிக்கைகளைக் கூட்டுவதை யூடியூபின் போட்டி விதிகள் அனுமதிப்பதில்லை. முகவரியும் போன் நம்பரும் கமெண்டில் வந்து விழுந்தால் அவற்றை உலகமே படிக்கும். அதோடு பரிசு என்ற சொல் வந்த சில மணி நேரத்தில் சேனலின் அதே பெயர், அதே படத்தோடு போலிக் கணக்குகள் முளைத்து, “வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகியுள்ளீர்கள், டெலிகிராமில் தொடர்புகொள்ளுங்கள், கூரியர் கட்டணம் அனுப்புங்கள்” என்று ஒவ்வொரு கமெண்டுக்கும் பதில் போடத் தொடங்கும். உண்மையான உரிமையாளரின் பதிலில் அவர் பெயர் நிறப் பின்னணியோடு தனித்துத் தெரியும், போலியில் அது இருக்காது. இதைப் பார்வையாளர்கள் எல்லோரும் கவனிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. கொடுப்பதென்றால், விவரங்களை மற்றவர் பார்க்க முடியாத ஒரு படிவத்தில் வாங்கி, பணம் எதுவும் கேட்கமாட்டேன் என்று குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

எல்லாம் முடிவான பிறகு அவருடைய குறிப்பு இப்படி இருக்கலாம்:

“ஒரு லட்சம் பேர் ஆயிட்டோம், பார்க்கிற எல்லாருக்கும் நன்றி! இந்த ஆடிப் பட்டத்துல வெண்டை, கத்தரி, தக்காளி மூணையும் விதைப்புல இருந்து பறிப்பு வரைக்கும் சனிக்கிழமைதோறும் காட்டப் போறேன்.

கோகோபீட்டை ஊற வெச்சுப் பிழிஞ்சுதான் கலக்கணும்னு எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கதான். அதுக்கு அப்புறம்தான் என் நாத்து பிழைச்சுது. மாவுப்பூச்சி ஷார்ட் பார்த்துட்டு புதுசா வந்தவங்களுக்கு: முழு விளக்கத்தோட நீள வீடியோ சனிக்கிழமை காலையில வரும், பழைய வீடியோக்கள் பிளேலிஸ்ட்ல இருக்கு.

முதல் வீடியோ மண்கலவை, அடுத்தது குழித்தட்டு விதைப்பு. செடி ஏதாவது செத்தா அதையும் மறைக்காம காட்டுவேன். விதை வேணும்னா கீழே உள்ள படிவத்துல மட்டும் எழுதுங்க. கமெண்டுல முகவரி போடாதீங்க. நான் யார்கிட்டயும் பணமோ டெலிகிராம் நம்பரோ கேட்கமாட்டேன்.”

இதில் கேக் இல்லை, கோடானுகோடி இல்லை. வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளட்டும்; கொண்டாட அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் எங்கே சேர்ப்பது என்பதில் கவனம் வேண்டும். டிஸ்கிரிப்ஷனில் 5,000 எழுத்து வரை எழுதலாம் என்றாலும், விரித்துப் பார்க்காதவரின் கண்ணில் படுவது முதல் ஓரிரு வரிதான். இதையே இன்ஸ்டாகிராமில் போட்டால் கேப்ஷனுக்கு 2,200 எழுத்து வரம்பு. அதில் ஏறக்குறைய முதல் 125 எழுத்துக்குப் பிறகு மறைந்துவிடும். கணினி எண்ணும் எழுத்தும் நாம் எண்ணும் எழுத்தும் ஒன்றல்ல என்பது தமிழில் எழுதுபவருக்குக் கூடுதல் நெருக்கடி. புள்ளியும் கொம்பும் துணைக்குறிகளும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். “நன்றி” நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து. “சப்ஸ்கிரைபர்” நமக்கு ஏழு, அதற்குப் பன்னிரண்டு. யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்து வரம்பு என்றால் தமிழில் அறுபது சொச்சத்திலேயே இடம் தீர்ந்துவிடும். ஆகவே நன்றியும் ஆடிப் பட்டமும் முதலில். கோடானுகோடிகள் எல்லாம் கீழே.

போட்ட பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. டிஸ்கிரிப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். மண்கலவை வீடியோ வந்ததும் அதன் இணைப்பை அந்த வரிக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும், குழித்தட்டு வந்ததும் அதையும் ஒட்ட வேண்டும். ஏதோ ஒரு வாரம் மழையோ காய்ச்சலோ குறுக்கிட்டால், “இந்த வாரம் இல்லை, அடுத்த சனி” என்று ஒரு கமெண்ட் போட்டுப் பின் செய்துவிடலாம். புரட்டாசியில் புதிதாக வந்து அந்தப் பழைய வீடியோவைத் திறப்பவருக்கு, சொன்ன ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் செய்ததன் இணைப்பு இருக்கும்.